சிஏபிஎம், பீட்டா, எஸ்எம்எல்: போர்ட்ஃபோலியோ தேர்வில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிஏ ஃபைனல், சிஎம்ஏ ஃபைனல், எம்பிஏ, சிஎஃப்ஏ முதல் நிலை என எந்தத் தேர்வை எடுத்தாலும் இந்தப் பகுதியில் வரும் கணக்குகள் நீளமானவை அல்ல. மதிப்பெண் போவது பெரும்பாலும் கணக்கிடுவதில் அல்ல, கேள்வியில் தந்த எண் எதைக் குறிக்கிறது என்று படிப்பதில்தான். கீழே உள்ள எல்லா உதாரணங்களிலும் ரிஸ்க் இல்லாத வட்டி Rf 7%, சந்தை வருமானம் Rm 13% என்றே வைத்திருக்கிறேன். ஒரே எண்கள் திரும்பத் திரும்ப வந்தால் ஒரு பதிலை இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சிஏபிஎம் சூத்திரத்தில் பீட்டாவோடு எதைப் பெருக்க வேண்டும்? ஒரு கேள்வியில் 13% தருகிறார்கள், இன்னொன்றில் 6% தருகிறார்கள்.

```
ke = Rf + β × (Rm − Rf)
```

ke என்பது பங்குக்குத் தேவைப்படும் வருமானம். அடைப்புக்குறிக்குள் இருப்பது முழுவதும் சேர்ந்துதான் சந்தை ரிஸ்க் பிரீமியம். கேள்வியில் "சந்தை வருமானம் 13%" என்று இருந்தால் அதிலிருந்து 7-ஐக் கழித்து 6 ஆக்கிய பிறகே பீட்டாவால் பெருக்க வேண்டும். "சந்தை பிரீமியம்", "ஈக்விட்டி ரிஸ்க் பிரீமியம்", "ரிஸ்க் இல்லாத வட்டிக்கு மேல் சந்தை தரும் கூடுதல் வருமானம்" என்று எப்படிச் சொல்லியிருந்தாலும், ஏற்கெனவே கழித்துவிட்டுத்தான் தந்திருக்கிறார்கள். இன்னொரு முறை கழிக்கக் கூடாது.

தவறு நடந்திருக்கிறதா என்று விடையைப் பார்த்தே சொல்லிவிடலாம். பீட்டா 1.4 உள்ள பங்குக்குச் சரியான விடை 7 + 1.4 × 6 = 15.4%. பிரீமியம் 6 என்று தந்ததைச் சந்தை வருமானம் என்று எடுத்துக்கொண்டால் 7 + 1.4 × (6 − 7) = 5.6% வரும். பீட்டா பூஜ்யத்துக்கு மேல் இருக்கும் பங்குக்கு, ரிஸ்க் இல்லாத வட்டியைவிடக் குறைவான விடை வரவே முடியாது. மாறாக 13-ஐக் கழிக்காமல் பெருக்கினால் 25.2% வரும். இதைப் பிடிக்க பீட்டா 1 என்று போட்டுப் பாருங்கள். விடை 13 வர வேண்டும், 20 வந்தால் கழிக்க மறந்திருக்கிறீர்கள்.

இன்னொரு சொல்லையும் கவனிக்க வேண்டும். "இந்தப் பங்கின் ரிஸ்க் பிரீமியம் 8.4%" என்று வந்தால் அது பீட்டாவால் பெருக்கி முடித்த எண். அதோடு 7-ஐக் கூட்டினால் 15.4%, வேலை முடிந்தது.

எதிர்பார்க்கும் வருமானமும் தேவைப்படும் வருமானமும் ஒன்றுதானே? புத்தகத்தில் சிஏபிஎம் விடையையே எக்ஸ்பெக்டட் ரிட்டர்ன் என்று போட்டிருக்கிறார்கள்.

சந்தை சமநிலையில் இருந்தால் இரண்டும் சமம். அதனால்தான் பல புத்தகங்கள் அந்தப் பெயரையே வைக்கின்றன. ஆனால் "பங்கின் விலை சரியா, வாங்கலாமா?" என்று கேட்கும்போது இரண்டையும் பிரித்துத்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் ஒப்பிட ஒன்றுமே இருக்காது.

எந்த எண் எந்தப் பக்கம் சேரும் என்பதற்கு ஒரே சோதனை போதும்: அது எங்கிருந்து வந்தது? பீட்டாவிலிருந்து வந்தால் அது தேவைப்படும் வருமானம், அதாவது இவ்வளவு ரிஸ்க்குக்குச் சந்தை குறைந்தபட்சம் கேட்கும் கூலி. டிவிடெண்ட், இன்றைய விலை, ஆண்டு இறுதி விலை, நிகழ்தகவோடு கூடிய நிலவரங்கள், அனலிஸ்ட்டின் கணிப்பு இவற்றிலிருந்து வந்தால் அது எதிர்பார்க்கும் வருமானம். இதன் கணக்கில் பீட்டாவுக்கு இடமில்லை. முதலாவதை இரண்டாவதிலிருந்து கழித்தால் கிடைப்பது ஆல்ஃபா.

இரண்டு பங்குகள் கொடுத்து எதை வாங்கலாம் என்று கேட்டால் வருமானம் அதிகம் உள்ளதைச் சொன்னால் போதாதா?

போதாது. பங்கு P, பங்கு Q என இரண்டு பங்குகளை எடுத்துக்கொள்வோம்.

P-யின் இன்றைய விலை ரூ.200, ஆண்டு முடிவில் டிவிடெண்ட் ரூ.6, அப்போதைய விலை ரூ.220 என்று கணிப்பு, பீட்டா 1.4. எதிர்பார்க்கும் வருமானம் 26 / 200 = 13%. Q-வின் விலை ரூ.150, டிவிடெண்ட் ரூ.9, ஆண்டு இறுதி விலை ரூ.159, பீட்டா 0.7. எதிர்பார்க்கும் வருமானம் 18 / 150 = 12%.

இதோடு நிறுத்தினால் P-தான் நல்லது போலத் தெரியும். தேவைப்படும் வருமானத்தைப் போட்டுப் பாருங்கள். P-க்கு 15.4%, Q-வுக்கு 7 + 0.7 × 6 = 11.2%. P-யின் ஆல்ஃபா −2.4, Q-வின் ஆல்ஃபா +0.8. ஆக, P-யை விற்க வேண்டும், Q-வை வாங்க வேண்டும்.

13% தரும் பங்கை ஏன் விற்கச் சொல்கிறோம் என்று கேட்பது நியாயம்தான். காரணம் இது. உங்கள் 10 லட்சத்தோடு இன்னும் 4 லட்சத்தை 7% வட்டிக்குக் கடன் வாங்கி, 14 லட்சத்தையும் இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டால் பீட்டா 1.4 ஆகிவிடும். வருமானம் 1.4 × 13 − 0.4 × 7 = 15.4%. P-யில் இருக்கும் அதே சந்தை ரிஸ்க்கைச் சுமந்து 15.4% சம்பாதிக்க வழி இருக்கும்போது 13%-க்கு P எதற்கு? நடைமுறையில் யாரும் 7%-க்குக் கடன் தர மாட்டார்கள் என்பது சரி. 9% வட்டி என்று வைத்தாலும் 14.6% வருகிறது, P அதற்கும் கீழேதான். Q-வையும் இப்படிச் சோதிக்கலாம். 70% இண்டெக்ஸ், 30% ட்ரெஷரி பில் என்று பிரித்தால் பீட்டா 0.7, வருமானம் 11.2%. அதே ரிஸ்க்குக்கு Q 12% தருகிறது. ஒவ்வொரு பீட்டாவுக்கும் தேவைப்படும் வருமானத்தைக் காட்டும் எஸ்எம்எல் கோட்டின் ஒவ்வொரு புள்ளியும் இப்படி நாமே கட்டிக்கொள்ளக்கூடிய ஒரு கலவைதான் என்று புரிந்துவிட்டால் இந்தப் பகுதியில் மனப்பாடத்துக்கு வேலை குறைவு.

சில கேள்விகளில் "நியாயமான விலை என்ன?" என்று அடுத்த பாகம் வரும். ஆண்டு இறுதியில் கையில் வரும் மொத்தத் தொகையைத் தேவைப்படும் வருமானத்தால் தள்ளுபடி செய்ய வேண்டும்.

```
P: 226 / 1.154 = 195.84
Q: 168 / 1.112 = 151.08
```

P ரூ.195.84 பெறும், விற்பது ரூ.200-க்கு. Q ரூ.151.08 பெறும், விற்பது ரூ.150-க்கு. ஆல்ஃபா சொன்ன முடிவேதான் இங்கும் வருகிறது. வரவில்லை என்றால் இரண்டில் ஏதோ ஒன்று தப்பு.

எஸ்எம்எல் கோட்டுக்கு மேலே இருந்தால் விலை குறைவு என்கிறார்கள். மேலே இருந்தால் அதிகம் என்றுதானே வர வேண்டும்?

செங்குத்து அச்சில் இருப்பது விலை அல்ல, வருமானம். எதிர்காலத்தில் வரப்போகும் பணம் மாறாதபோது இன்றைய விலை குறைந்தால்தான் வருமானம் கூடும். Q கோட்டுக்கு மேலே 0.8 உயரத்தில் இருக்கிறது. வாங்குபவர்கள் கூடி விலை ரூ.151.08-க்கு ஏறியதும் வருமானம் 11.2%-க்கு இறங்கி, புள்ளி கோட்டிலேயே வந்து உட்காரும். படம் வரையச் சொன்னால் இந்த நகர்வை ஒரு அம்புக்குறியால் காட்டிவிடுங்கள், விளக்கமே எழுத வேண்டியிருக்காது.

ஐந்து ஆண்டு வருமானங்களைத் தந்து பீட்டா கேட்டால் n-ஆல் வகுப்பதா, n − 1-ஆல் வகுப்பதா?

எதுவானாலும் சரி, மேலேயும் கீழேயும் ஒன்றையே பயன்படுத்தினால். சந்தை வருமானம் 4, −2, 6, 10, 2 என்றும் பங்கின் வருமானம் 11, −2, 6, 10, 0 என்றும் வைத்துக்கொள்வோம். சராசரி முறையே 4, 5.

```
சந்தை விலகல்:   0   −6    2    6   −2
பங்கு விலகல்:   6   −7    1    5   −5
பெருக்கல்:      0   42    2   30   10    = 84
சந்தை வர்க்கம்: 0   36    4   36    4    = 80
β = 84 / 80 = 1.05
```

n-ஆல் வகுத்தால் கோவேரியன்ஸ் 16.8, வேரியன்ஸ் 16. n − 1-ஆல் வகுத்தால் 21-ம் 20-ம். இரண்டு வழியிலும் 1.05-தான் வரும். கலந்துவிட்டால்தான் வம்பு: 16.8 / 20 = 0.84, அல்லது 21 / 16 = 1.31. எக்செல்லில் பயிற்சி செய்பவர்கள் `COVAR`-ஐ `VAR`-ஆல் வகுத்தால் இந்தக் கலப்படம் தானாகவே நடந்துவிடும், ஏனென்றால் முதலாவது n-ஆல் வகுக்கிறது, இரண்டாவது n − 1-ஆல். `SLOPE` பயன்படுத்துவது நல்லது, ஆனால் அதில் பங்கின் நெடுவரிசையை முதலில் தர வேண்டும். மாற்றித் தந்தால் சந்தையின் வேரியன்ஸுக்குப் பதிலாகப் பங்கின் வேரியன்ஸால் வகுத்து 0.62 என்று காட்டும்.

தாளில் எழுதும்போது வகுக்கவே வேண்டாம். 84 / 80 என்று நேரே எழுதிவிடுங்கள். ஆனால் கேள்வி சிஸ்டமாட்டிக் ரிஸ்க்கையும் தனியாகக் கேட்டால் வகுத்துத்தான் ஆக வேண்டும். n-ஆல் வகுத்தால் பங்கின் மொத்த வேரியன்ஸ் 27.2 (விலகல் வர்க்கங்களின் கூட்டுத்தொகை 136). அதில் சிஸ்டமாட்டிக் பகுதி 1.05² × 16 = 17.64, மீதி 9.56 அன்சிஸ்டமாட்டிக். பீட்டாவை வர்க்கப்படுத்த மறப்பவர்கள் நிறைய. பீட்டா 1-க்குப் பக்கத்தில் இருந்தால் விடையைப் பார்த்து இந்தத் தவறைக் கண்டுபிடிக்கவும் முடியாது.

பங்கின் ஸ்டாண்டர்ட் டீவியேஷன், சந்தையின் ஸ்டாண்டர்ட் டீவியேஷன், கோரிலேஷன் மூன்றும் தந்திருக்கிறார்கள். எஸ்எம்எல் பயன்படுத்துவதா, சிஎம்எல் பயன்படுத்துவதா?

தனிப் பங்கு என்றால் எஸ்எம்எல்தான். பங்கின் டீவியேஷன் 30%, சந்தையின் டீவியேஷன் 20%, கோரிலேஷன் 0.5 என்றால்:

```
β = 0.5 × 30 / 20 = 0.75
ke = 7 + 0.75 × 6 = 11.5%
```

இதையே சிஎம்எல்லில் போட்டால் 7 + (6 / 20) × 30 = 16% வரும். நாலரை சதவீத வித்தியாசம். சிஎம்எல்லின் கிடைமட்ட அச்சு மொத்த ரிஸ்க், எஸ்எம்எல்லின் அச்சு பீட்டா. பரவலாக்கத்தால் கரைக்கக்கூடிய ரிஸ்க்குக்குச் சந்தை கூலி தராது. இந்தப் பங்கின் மொத்த ஆட்டம் சந்தையைவிட ஒன்றரை மடங்கு, ஆனால் அதில் பாதிதான் சந்தையோடு சேர்ந்த ஆட்டம். அதனால்தான் சந்தையைவிட அதிகம் ஆடும் பங்குக்குச் சந்தையைவிடக் குறைந்த வருமானம் போதுமாகிறது. சிஎம்எல் எடுபடுவது முழுமையாகப் பரவலாக்கிய கலவைகளுக்கு மட்டும், அதாவது சந்தை போர்ட்ஃபோலியோவும் ரிஸ்க் இல்லாத சொத்தும் சேர்ந்தவற்றுக்கு. அவற்றுக்குக் கோரிலேஷன் 1. சூத்திரத்தில் 1 என்று போட்டுப் பாருங்கள், பீட்டா 1.5, விடை 16%. இரண்டு கோடுகளும் அங்கே ஒன்றாகிவிடும்.

போர்ட்ஃபோலியோவில் ட்ரெஷரி பில்லும் இருந்தால் பீட்டா கணக்கில் அதை விட்டுவிடலாமா?

கூடாது. அதன் பீட்டா பூஜ்யம், ஆனால் அதன் எடை பூஜ்யம் அல்ல. P-யில் 5 லட்சம், Q-வில் 3 லட்சம், ட்ரெஷரி பில்லில் 2 லட்சம் என்றால் பீட்டா 0.5 × 1.4 + 0.3 × 0.7 + 0.2 × 0 = 0.91. பில்லை விட்டுவிட்டு 8 லட்சத்தால் வகுத்தால் 1.14 வந்துவிடும். எடைகளுக்கு எடுக்க வேண்டியது இன்றைய சந்தை மதிப்பு. பங்குகளின் எண்ணிக்கையும் வாங்கிய விலையும் கேள்வியில் இருக்கலாம், அவை இதற்குத் தேவையில்லை.

விடையைச் சரிபார்க்க ஆல்ஃபா உதவும். போர்ட்ஃபோலியோவுக்குத் தேவைப்படும் வருமானம் 7 + 0.91 × 6 = 12.46%. எதிர்பார்க்கும் வருமானம் 0.5 × 13 + 0.3 × 12 + 0.2 × 7 = 11.5%. வித்தியாசம் −0.96. தனித்தனி ஆல்ஃபாக்களை எடையிட்டுக் கூட்டினாலும் 0.5 × (−2.4) + 0.3 × 0.8 = −0.96.

ரிஸ்க் இல்லாத வட்டி 1% ஏறினால் எல்லாப் பங்குகளுக்கும் தேவைப்படும் வருமானம் 1% ஏறுமா?

சந்தை வருமானம் என்ன ஆகிறது என்பதைப் பொறுத்தது. பிரீமியம் 6-ஆகவே இருந்தால் சந்தை வருமானமும் 14% ஆகும், கோடு சாய்வு மாறாமல் மேலே போகும், எல்லாப் பங்குகளுக்கும் 1% ஏறும். பணவீக்க எதிர்பார்ப்பு கூடியதாகச் சொல்லும் கேள்விகள் இந்த வகை.

"சந்தை வருமானத்தில் மாற்றமில்லை" என்று ஒரு வரி இருந்தால் கதை வேறு. வட்டி 8, சந்தை வருமானம் 13, ஆக பிரீமியம் 5-ஆகச் சுருங்குகிறது. Q-வுக்கு 8 + 0.7 × 5 = 11.5%, முன்பு 11.2%. P-க்கு 8 + 1.4 × 5 = 15%, முன்பு 15.4%. வட்டி ஏறியும் P-க்குத் தேவைப்படும் வருமானம் குறைந்துவிட்டது. கோடு பீட்டா 1 என்ற இடத்தைப் பிடித்துக்கொண்டு சுழல்வதால் இப்படி ஆகிறது. முதலீட்டாளர்களின் ரிஸ்க் பயம் கூடினால் சுழலும் இடம் வேறு: Rf-இல் நின்றபடி கோட்டின் சாய்வு கூடும்.

Rf, Rm இரண்டுமே தராமல் இரண்டு பங்குகளை மட்டும் தந்தால்?

இரண்டும் சரியான விலையில் இருப்பதாகக் கேள்வி சொல்ல வேண்டும், அப்போதுதான் அவை கோட்டிலேயே இருக்கும். பீட்டா 1.2-க்கு 14.2%, பீட்டா 0.8-க்கு 11.8% என்றால் சாய்வு 2.4 / 0.4 = 6. அப்புறம் 14.2 − 1.2 × 6 = 7, அதுதான் Rf.

பீட்டா மைனஸில் வந்தால் கணக்கு தப்பா?

அவசியமில்லை. பீட்டா −0.2 என்றால் 7 − 1.2 = 5.8%. சந்தை விழும்போது ஏறும் சொத்து போர்ட்ஃபோலியோவின் ரிஸ்க்கைக் குறைக்கிறது, அதற்காக ட்ரெஷரி பில்லைவிடக் குறைந்த வருமானத்தையும் முதலீட்டாளர் ஏற்றுக்கொள்கிறார். நிகழ்தகவு அட்டவணையில் பங்கு சந்தைக்கு எதிர்த்திசையில் நகர்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

91 நாள் பில், 10 ஆண்டு அரசுப் பத்திரம் இரண்டின் வட்டியும் இருந்தால் எதை எடுப்பது? இண்டெக்ஸ் டிவிடெண்டை என்ன செய்வது?

முதலீட்டுக் காலத்தோடு பொருந்துவதை எடுங்கள். ஓராண்டுக்குள் முடியும் முதலீடு என்றால் பில், நீண்ட காலத் திட்டத்துக்கோ கம்பெனி மதிப்பீட்டுக்கோ என்றால் 10 ஆண்டுப் பத்திரம். கேள்வி எதையும் சொல்லவில்லை என்றால் உங்கள் அனுமானத்தை ஒரு வரியில் எழுதிவிட்டுத் தொடருங்கள். கேள்வி முழுவதும் அதே வட்டிதான் வர வேண்டும்.

டிவிடெண்டைச் சேர்க்க வேண்டும். இண்டெக்ஸ் 20,000-இலிருந்து 22,000-க்குப் போய், இடையில் 300 புள்ளிக்குச் சமமான டிவிடெண்ட் தந்திருந்தால் சந்தை வருமானம் 2,300 / 20,000 = 11.5%, 10% அல்ல. செபி 2018 பிப்ரவரி முதல் மியூச்சுவல் ஃபண்டுகளை டிவிடெண்டும் சேர்ந்த டோட்டல் ரிட்டர்ன் இண்டெக்ஸோடு ஒப்பிட்டுக் காட்டச் சொன்னதும் இதே காரணத்துக்காகத்தான்.

தியரியில் சிஏபிஎம்மின் குறைபாடுகள் கேட்டால் அனுமானங்களை வரிசையாக எழுதினால் போதுமா?

அனுமானங்களோடு நிறுத்தினால் பாதி விடைதான். எந்த அனுமானம் உடைந்தால் எந்த எண் மாறும் என்று எழுதுங்கள். ஷார்ப் 1964-இல் மாதிரியை வெளியிட்டபோது எல்லோரும் ஒரே வட்டியில் கடன் கொடுக்கவும் வாங்கவும் முடியும் என்று வைத்துக்கொண்டார். அது இல்லாத நிலையில் Rf இருந்த இடத்தில் பூஜ்ய பீட்டா போர்ட்ஃபோலியோவின் வருமானம் வரும் என்று பிளாக் 1972-இல் காட்டினார். அது பொதுவாக Rf-ஐவிட அதிகமாக இருக்கும் என்பதால் கோடு தட்டையாகும். அமெரிக்கப் பங்குகளை வைத்துச் செய்த ஆய்வுகளிலும் கோடு மாதிரி சொல்வதைவிடத் தட்டையாகவே கிடைத்தது: பீட்டா குறைந்த பங்குகள் கோட்டுக்கு மேலும், கூடிய பங்குகள் கீழும் விழுந்தன. 1977-இல் ரோல் எழுப்பிய ஆட்சேபம் இன்னும் அடிப்படையானது. உண்மையான சந்தை போர்ட்ஃபோலியோவில் நிலம், தங்கம், மனித உழைப்பு எல்லாம் அடங்கும், அதை யாரும் அளக்க முடியாது. நிஃப்டியை வைத்து ஆல்ஃபா கண்டுபிடித்தால் பங்கு மலிவாக இருக்கலாம், அல்லது நிஃப்டி சந்தைக்குச் சரியான பிரதிநிதியாக இல்லாமல் இருக்கலாம். மேலே Q-வுக்கு வந்த +0.8 இரண்டில் எதனால் வந்தது என்பதை சிஏபிஎம்மை வைத்து மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது.